ஒரே வெற்றிக் கதையில் ஐந்து பதிவுகள்: தொடரா, கோணமா, வடிவமா?

வாடிக்கையாளரைப் பேட்டி எடுத்து, படம் பிடித்து, ஒப்புதல் வாங்கி, 1,500 சொற்களில் ஒரு வெற்றிக் கதை எழுதி இணையதளத்தில் ஏற்றியாயிற்று. அதையே திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பதிவுகளாகப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். கதையை ஐந்து பாகமாக வெட்டித் தொடராகப் போடுவது ஒரு வழி. ஐந்து வேறு வேறு ஆட்களின் கேள்விக்கு ஒவ்வொரு பதிவாக எழுதுவது இன்னொரு வழி. ஒரே விஷயத்தை எழுத்து, படம், வீடியோ என்று வடிவம் மாற்றிப் போடுவது மூன்றாவது.

பொதுவாகப் பேசினால் மூன்றும் சரி என்றுதான் தோன்றும். அதனால் ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். இது மாதிரிக்காக நான் உருவாக்கிய கதை, எண்களும் அப்படியே. தொழில் மட்டும் நிஜம்.

சரக்கு நடமாட்டக் கணக்குக்கு மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனம். அதன் வாடிக்கையாளர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். துணி அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காம்பேக்டிங், அப்புறம்தான் கட்டிங்குக்கு உள்ளே வரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு டெலிவரி சலான். எந்த இடத்தில் எத்தனை கிலோ நிற்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மாதக் கடைசியில் சலான் புக்கையும் திரும்பி வந்த எடையையும் ஒத்துப் பார்க்க ஒன்பது நாள் போகும். மென்பொருள் வந்த பிறகு அது இரண்டு நாளானது. ஆனால் முதல் மூன்று மாதம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்தே ஓடின, பதிவு போடுவதற்கென்று தனியாக ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், ஒவ்வொரு பதிவும் தனியாக நிற்குமா? லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம், முகநூல் எதுவுமே, நாமாக மாற்றிக்கொள்ளாதவரை, பதிவுகளைப் போட்ட வரிசையில் காட்டுவதில்லை. புதன்கிழமைப் பதிவு ஒருவர் கண்ணில் அடுத்த திங்கள் படலாம். திங்கள் பதிவைப் பார்க்காதவருக்கும் வியாழன் பதிவு புரிய வேண்டும்.

இரண்டாவது, எண்ணும் அதன் நிபந்தனையும் சேர்ந்தே பயணம் போகுமா? ஒன்பது நாள் இரண்டு நாளானது உண்மை. கூடுதலாக ஒரு ஆள் வைத்ததும் உண்மை. நீளக் கதையில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் இருக்கும். வெட்டும்போது இரண்டாவது கழன்றுவிடும். பிறகு மென்பொருள் வாங்கியவர் இரண்டே நாளில் முடியவில்லையே என்று கேட்பார்.

மூன்றாவது, மூலக் கதையில் சரக்கு இருக்கிறதா? முதலாளியிடம் மட்டும் பேசி எழுதிய கதையில் அக்கவுண்டன்ட்டின் கஷ்டம் இருக்காது. இல்லாததை வைத்துப் பதிவு எழுத முடியாது. எழுதினால் அது கற்பனை.

நான்காவது, உழைப்பு. இதில் உங்கள் உழைப்போடு வாடிக்கையாளரின் உழைப்பையும் சேர்க்க வேண்டும். அவர் ஒப்புதல் கொடுத்தது நீளக் கதைக்கு. அதிலிருந்து உருவிய ஒரு வாக்கியத்தைத் தலைப்பாகப் போட அவர் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை.

## வழி ஒன்று: தொடர்

திங்கள் சிக்கல், செவ்வாய் தேடல், புதன் முடிவு, வியாழன் நடைமுறை, வெள்ளி பலன். மூலக் கதை ஏற்கெனவே இந்த வரிசையில்தான் இருக்கும் என்பதால் வெட்டுவது சுலபம். ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிடும். பலரும் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அதுதான்.

முதல் அளவுகோலிலேயே இது அடிபடுகிறது. செவ்வாய்ப் பதிவை மட்டும் பார்ப்பவருக்கு, யாரோ ஒரு கம்பெனி நாலு மென்பொருளைப் பார்த்துவிட்டு யோசித்தது என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. சரி, முன்கதைச் சுருக்கம் போடலாம் என்றால், அது பதிவின் முதல் இரண்டு மூன்று வரிகளை விழுங்கிவிடும். லிங்க்ட்இன்னில் முழுப் பதிவையும் திறப்பதற்கு முன் கண்ணில் படுவது அந்த வரிகள் மட்டுமே. நல்ல இடத்தைப் பழைய கதைக்குக் கொடுத்துவிட்டு, புதிதாகச் சொல்ல வந்ததை உள்ளே ஒளித்து வைத்ததாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. தொடர் ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. புதன்கிழமை வாடிக்கையாளர் கூப்பிட்டு, “அந்த எண்ணைப் போட வேண்டாமுங்க, பார்ட்னர் யோசிக்கிறார்” என்றால் வெள்ளிப் பதிவு போச்சு. முடிவில்லாத கதை நடுத்தெருவில் நிற்கும். மற்ற இரண்டு வழிகளில் ஒரு பதிவை எடுத்துவிட்டால் நாலு மிஞ்சும், அவ்வளவுதான்.

ஆனால் தொடர் ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. வரிசை மாறாமல் போய்ச் சேரும் வழி உங்களிடம் இருந்தால், அதாவது மின்னஞ்சல் பட்டியலோ வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டோ இருந்தால், தொடர் நன்றாக எடுபடும். பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும் என்பதால் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பவர்கள் உங்களை அறிந்தவர்கள். இரண்டாவது நிபந்தனை, கதையில் நிஜமான பதற்றம் வேண்டும். கப்பல் தேதி நெருங்குகிறது, ஒரு கலர் துணி எங்கே என்று தெரியவில்லை, தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். இப்படி ஒரு வாரம் அந்தக் கம்பெனியில் நடந்திருந்தால் நான் தொடரைத்தான் சொல்வேன். மாதக் கடைசிக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதில் கஷ்டம் இருக்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று காத்திருக்க வைக்கும் பதற்றம் இல்லை.

## வழி இரண்டு: கோணம்

நீளக் கதையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் “இது யாருடைய கேள்விக்குப் பதில்?” என்று எழுதிப் பாருங்கள். பனியன் கம்பெனியில் மென்பொருள் வாங்குவதை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை. பணம் கொடுப்பவர் முதலாளி. தினமும் தொடப்போவது அக்கவுண்டன்ட். ஒத்துழைக்காவிட்டால் மொத்தத்தையும் கெடுக்கக்கூடியவர் குடோன் சூப்பர்வைசர். ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பையருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மெர்ச்சண்டைசர். ஒவ்வொருவருக்கும் தலைவலி வேறு.

நம் கதையைப் பிரித்தால் இப்படி வரும். திங்கள், முதலாளிக்கு: பணம் துணியாக எந்தப் பட்டறையில் முடங்கிக் கிடக்கிறது என்று தெரிந்த கதை. செவ்வாய், அக்கவுண்டன்ட்டுக்கு: சலான் ஒத்துப் பார்க்கும் வேலை. புதன், சந்தேகப்படுபவருக்கு: முதல் மூன்று மாதம் ஏன் இரட்டை வேலையாக இருந்தது, எதற்காகக் கூடுதல் ஆள் வைத்தார்கள். வியாழன், சூப்பர்வைசருக்கு: நோட்டை விடமாட்டேன் என்றவர் எப்போது விட்டார். வெள்ளி, மெர்ச்சண்டைசருக்கு: பையர் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல ஆறு இடத்துக்குப் போன் போட்ட நிலை மாறியது.

செவ்வாய்ப் பதிவை மட்டும் முழுதாகப் பார்ப்போம்.

> சாயத்துக்கு 500 கிலோ துணி போனது. 455 கிலோ திரும்பியது. 45 கிலோ குறைவு.
>
> பட்டறையோடு பேசி வைத்த சாய இழப்பு 6 சதவீதம், அதாவது 30 கிலோ. மீதி 15 கிலோ எங்கே?
>
> இந்தக் கேள்விக்குப் பதில் தேட அந்த அக்கவுண்டன்ட் மாதக் கடைசியில் சலான் புக்கைப் புரட்டுவார். “புக்கை எடுத்து வெச்சா வூட்டுக்குப் போறதுக்கு ராத்திரி பத்து ஆயிருமுங்க.” 15 கிலோ இன்னொரு சலானில் ரெண்டு நாள் கழித்து வந்திருக்கும், அல்லது பட்டறையிலேயே நிற்கும்.
>
> இப்போது திரும்பி வரும் எடையைப் போட்ட உடனே அந்த 15 கிலோ பாக்கி என்று திரையில் நிற்கிறது. மாதக் கணக்கு 9 நாளிலிருந்து 2 நாளுக்கு வந்திருக்கிறது. எடையைப் பதிவு போட தனியாக ஒருவரை வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.
>
> அக்டோபர் 25க்குள் ஐடிசி-04 போட வேண்டியவர்கள், ஒரே ஒரு லாட்டை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதில் நீளக் கதை பெரிதாக எங்கும் எட்டிப்பார்க்கவில்லை. ஒரு லாட், ஒரு கழித்தல் கணக்கு, ஒரு மனிதரின் ஒரு வரி. திங்கள் பதிவைப் பார்க்காதவருக்கும் இது போதும். நிபந்தனையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைசி வரியில் தேதி வந்தது சும்மா இல்லை. ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கின் கணக்கை ஜிஎஸ்டியில் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை, மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கான கெடு அக்டோபர் 25. ஒரு வருடத்துக்குள் திரும்பாத மூலப்பொருளை, அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி போடலாம் என்பதும் அக்கவுண்டன்ட்டுகளுக்குத் தெரியும். அதனால் இதே பதிவை அக்டோபர் இரண்டாவது வாரத்தில் போட்டால் படிக்கிற ஆள் வேறு, ஜூலையில் போட்டால் வேறு. தொடரில் இப்படி ஒரு பதிவை மட்டும் நாள் பார்த்து நகர்த்த முடியாது.

இனி செலவு. முதல் செலவு, சரக்குப் பற்றாக்குறை. ஓரத்தில் எழுதிப் பார்க்கும்போது எல்லாப் பத்திக்கும் “முதலாளி” என்றே வந்தால், நீங்கள் பேட்டி எடுத்தது அவரை மட்டும்தான் என்று அர்த்தம். அப்போது அக்கவுண்டன்ட்டிடமும் சூப்பர்வைசரிடமும் ஆளுக்கு இருபது நிமிடம் போனில் பேசாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். அவர்களிடம் “மென்பொருள் எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாருக்குங்க” என்பதோடு முடிந்துவிடும். “போன மாசம் எந்த சலான் ஒத்து வரலை?” என்று கேளுங்கள்.

இரண்டாவது செலவை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. மேலே உள்ள பதிவில் 15 கிலோ யாரிடம் இருக்கிறது? சாயப்பட்டறையிடம். நீளக் கதையில் அது ஒரு பத்தியின் நடுவில் மெதுவாகக் கடந்து போகும். பதிவின் இரண்டாவது வரியில் வைத்தால் பட்டறைக்காரர் துணியை அமுக்கிவிட்டார் என்பதுபோல ஒலிக்கும். திருப்பூரில் பனியன் தொழில் வட்டம் சின்னது. எந்தக் கம்பெனி எந்தப் பட்டறைக்குப் போடுகிறது என்பது பலருக்குத் தெரியும். உங்கள் பதிவால் அந்த உறவில் விரிசல் வந்தால், அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் உங்கள் போனை எடுக்கமாட்டார். அதனால்தான் “இன்னொரு சலானில் ரெண்டு நாள் கழித்து வந்திருக்கும்” என்ற வரி அங்கே இருக்கிறது. அது அலங்காரமல்ல, பாதுகாப்பு.

## வழி மூன்று: வடிவம்

திங்கள் எழுத்துப் பதிவு, செவ்வாய் புரட்டிப் பார்க்கும் ஸ்லைடு, புதன் 45 விநாடி வீடியோ, வியாழன் வாடிக்கையாளர் சொன்ன வரியோடு ஒரு படம், வெள்ளி எண் அட்டை. சொல்வது ஐந்து நாளும் ஒன்றேதான்.

ஒரே தளத்தில் இதைச் செய்தால், உங்களைத் தொடர்பவருக்கு ஐந்து நாள் ஒரே சாம்பார். லிங்க்ட்இன்னுக்கு ஸ்லைடு, இன்ஸ்டாகிராமுக்கு வீடியோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு எண் அட்டை என்று தளம் மாற்றிப் போட்டால்தான் இதற்கு அர்த்தம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்கத்தில் போடும் இணைப்பைச் சொடுக்க முடியாது. ஆகவே முழுக் கதைக்கு ஆளை அழைத்துப் போகும் வழியையும் தளத்துக்குத் தளம் வேறாக யோசிக்க வேண்டும்.

வீடியோவில்தான் பணம் கரையும். பேட்டி அன்றே செங்குத்தாகப் படம் பிடித்திருக்க வேண்டும். ஓவர்லாக் மெஷின்கள் ஓடும் தளத்தில் போனை நீட்டிப் பதிவு செய்த குரல் எதற்கும் உதவாது. காலர் மைக் வேண்டும், அல்லது ஆபீஸ் அறைக்குள் போய் எடுக்க வேண்டும். பிற்பாடு எடுத்துக்கொள்ளலாம் என்றால் இன்னொரு பயணம், வாடிக்கையாளரின் இன்னொரு அரைநாள்.

எண் அட்டை என் கணக்கில் ஐந்திலும் ஆபத்தானது. “9 நாள் → 2 நாள்” என்று பெரிய எழுத்தில் போட்டால் கூடுதல் ஆளுக்கு அங்கே இடமே இல்லை. அட்டையை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தால் கீழே நீங்கள் எழுதிய விளக்கமும் கூடப் போகாது. நிபந்தனையை அட்டைக்குள்ளேயே இரண்டாவது வரியாகப் போட இடமில்லையென்றால் அட்டையைக் கைவிடுவதே நல்லது.

இந்த வழி பொருந்துவது எப்போது? கதையில் பலமான விஷயம் ஒன்றே ஒன்று இருக்கும்போது. கூடவே, படமும் ஒலியும் ஏற்கெனவே கையில் இருக்கும்போது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | தொடர் | கோணம் | வடிவம் |
|---|---|---|---|
| தனியாக நிற்குமா | முதல் பதிவும் கடைசிப் பதிவும் மட்டும் | ஐந்தும் நிற்கும் | நிற்கும், ஆனால் ஒன்றையே சொல்லும் |
| எண்ணோடு நிபந்தனை | வேறு நாளுக்குப் போய்விடும் | பதிவுக்குள்ளேயே வைக்கலாம் | அட்டையில் கழன்றுவிடும் |
| தேவையான சரக்கு | வரிசையும் பதற்றமும் | பலரின் பேட்டி | ஒரு வலுவான விஷயம், படம், ஒலி |
| எழுதும் நேரம் | குறைவு | அதிகம் | எழுத்து குறைவு, எடிட்டிங் அதிகம் |
| மறைந்த செலவு | நடுவில் நின்றால் மொத்தமும் போகும் | மூன்றாம் ஆளைச் சுடலாம் | மறுபடி படப்பிடிப்பு |
| பொருந்தும் இடம் | மின்னஞ்சல், பிராட்காஸ்ட் | லிங்க்ட்இன், முகநூல் | பல தளங்களில் ஒரே வாரம் |

நம் பனியன் கம்பெனிக் கதைக்கு நான் கோணத்தையே எடுப்பேன். வியாழன் சூப்பர்வைசர் பதிவை மட்டும், அவர் ஒப்புக்கொண்டால், அவர் குரலிலேயே சிறு வீடியோவாக. ஒரு தொழிலில் வாங்குபவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஆள் என்றால், உதாரணமாக ஒற்றை ஆள் நடத்தும் தையல் கடைக்கு பில் போடும் செயலி விற்கிறீர்கள் என்றால், ஐந்து கோணம் கிடைக்காது. அங்கே வடிவம்தான் நியாயம்.

## எந்த வழியானாலும் ஒப்புதல்

ஐந்து பதிவுகளையும் எழுதி முடித்து, ஒரே கோப்பாக, ஒரே தடவை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பதிவின் கீழும், அது நீளக் கதையின் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று காட்டுங்கள். தினம் ஒன்றாக அனுப்பினால் மூன்றாம் நாள் பதில் வராது. பட்டறை விஷயம் போல மூன்றாம் ஆளைத் தொடும் வரி இருந்தால் அதை மட்டும் போனில் வாசித்துக் காட்டி, “இது உங்களுக்குச் சரியா?” என்று கேட்டுவிடுங்கள். ஊழியர் பெயரோ முகமோ வந்தால், முதலாளி சரி சொன்னது போதாது. அந்த ஊழியரிடமே கேட்க வேண்டும்.

கதை சொன்னதற்காக அந்தக் கம்பெனிக்குச் சந்தாவில் தள்ளுபடி கொடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தவறான விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட தொடர்பை வெளிப்படையாகத் தெரிவிக்கச் சொல்கின்றன. நீளக் கதையின் அடியில் ஒருமுறை எழுதியிருக்கிறோமே என்று இருந்துவிட வேண்டாம். தனித்தனியாகப் போகும் பதிவு ஒவ்வொன்றிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

## நாள் வரிசை

திருப்பூர் ஆட்களுக்கு எழுதுகிறீர்கள் என்றால் சனிக்கிழமையைத் தொடவேண்டாம். வாரச் சம்பள நாள். முதலாளியும் அக்கவுண்டன்ட்டும் அன்றைக்கு எதையும் படிக்கப்போவதில்லை. தீபாவளி போனஸ் பேசும் வாரமும் அப்படியே. கோண வழியில் வரிசை கட்டாயமில்லை என்றாலும், சந்தேகப்படுபவருக்கான பதிவை வாரத்தின் நடுவில் வைப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டு நாள் நல்லதாகவே சொன்ன பிறகு மூன்றாம் நாள் சிரமத்தைச் சொன்னால், முதல் இரண்டையும் பார்த்தவர் நம்புவார். பார்க்காதவருக்கும் அது தனியாகப் புரியும்.

பிரித்தது சரிதானா என்பதைப் பின்னூட்டத்தில் பார்க்கலாம். “முதல் பாகம் எங்கே?” என்று ஒருவர் கேட்டாலே அந்தப் பதிவு தனியாக நிற்கவில்லை. “இதைத்தான் முந்தாநாளே சொன்னீங்களே” என்றால் கோணம் என்று நினைத்து வடிவத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அக்கவுண்டன்ட் ஒருவர் வந்து, எங்கள் பட்டறையில் இழப்பை 8 சதவீதம் என்கிறார்கள், அதை எப்படிப் போடுவது என்று கேட்டால் செவ்வாய்ப் பதிவு சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்கான பதிலையே அடுத்த வாரப் பதிவாக எழுதலாம்.

ஓரத்தில் எழுதிப் பார்த்து மூன்று பேரின் கேள்விக்குத்தான் கதையில் பதில் இருக்கிறது என்றால் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்றே போடுங்கள். மெர்ச்சண்டைசர் பதிவை, அவரிடம் பேசிய பிறகு எழுதிக்கொள்ளலாம்.